போனில் படித்த மெயில் லேப்டாப்பில் ஏன் புதிதாகவே நிற்கிறது?

காலையில் பேருந்தில் வரும்போதே போனில் மெயில்களைப் பார்த்தாயிற்று. இரண்டுக்கு நட்சத்திரம் போட்டாயிற்று, மூன்றை 'வரி' என்ற ஃபோல்டருக்கு நகர்த்தியாயிற்று. அலுவலகம் வந்து லேப்டாப்பைத் திறந்தால் அத்தனையும் தடித்த எழுத்தில், யாரும் தொடாத மெயில்களாக வரிசையில் நிற்கின்றன. நட்சத்திரம் இல்லை. 'வரி' ஃபோல்டரே இல்லை. பார்த்த மெயிலையே மறுபடி பார்க்க வேண்டியிருக்கிறது என்பது சிறு தொல்லை. லேப்டாப்பில் பதில் போட்ட மெயிலுக்குப் போனிலிருந்து இன்னொரு பதில் போய்விடுவதும், நட்சத்திரம் போட்டு வைத்த பில் கண்ணில் படாமல் கெடு தாண்டிவிடுவதும் பெரிய தொல்லைகள்.

இதற்குப் பலரும் போனையோ செயலியையோ குறை சொல்வார்கள். செயலியை நீக்கிவிட்டு மறுபடி நிறுவிப் பார்ப்பார்கள். அது பெரும்பாலும் பலன் தராது. முதலில் தெரிந்துகொள்ள வேண்டியது, 'படித்தாயிற்று' என்ற குறிப்பை அந்தச் செயலி எங்கே எழுதி வைக்கிறது என்பதைத்தான்.

குறிப்பு எழுதப்படும் இடம்

மெயில் செயலிகள் சர்வரிடம் பேசுவதற்குப் பழைய முறைகள் இரண்டு உண்டு. ஒன்று பாப். அதன் முதல் வடிவம் 1984இல் வந்தது. இப்போது புழக்கத்தில் இருப்பது மூன்றாவது வடிவமான பாப்3. கணினி எப்போதாவது தொலைபேசி வழியே சர்வரைத் தொட்டு, வந்த மெயிலை இறக்கிக்கொண்டு, இணைப்பைத் துண்டித்துவிடும் காலத்துக்காக உருவான முறை அது. மெயில் எத்தனை இருக்கிறது என்று கேட்கலாம், ஒன்றை இறக்கலாம், ஒன்றை அழிக்கலாம். ஏறக்குறைய அவ்வளவுதான். 'இந்த மெயிலைப் படித்துவிட்டேன்' என்று சர்வரிடம் சொல்ல பாப் முறையில் கட்டளையே கிடையாது. ஃபோல்டர் என்ற ஒன்றும் அதற்குத் தெரியாது. இன்பாக்ஸ் மட்டுமே தெரியும்.

மற்றொன்று ஐமேப். 1986இல் அமெரிக்காவின் ஸ்டான்ஃபோர்ட் பல்கலைக்கழகத்தில் மார்க் கிறிஸ்பின் இதை உருவாக்கத் தொடங்கினார். மெயில் சர்வரிலேயே இருக்கட்டும், எந்தக் கணினியிலிருந்து பார்த்தாலும் ஒரே பெட்டி தெரியட்டும் என்பது அவருடைய எண்ணம். பள்ளி அலுவலகத்தில் இருக்கும் ஒரே வருகைப் பதிவேட்டில் எல்லா ஆசிரியர்களும் வந்து கையெழுத்திடுவது போன்றது இது. போன் எழுதினாலும் லேப்டாப் எழுதினாலும் அதே ஏட்டில்தான் எழுத வேண்டும்.

போனில் ஒரு மெயிலைத் திறக்கும்போது பின்னால் நடக்கும் பேச்சு ஏறக்குறைய இப்படி இருக்கும்:

```
A3 UID STORE 4815 +FLAGS (\Seen)
* 212 FETCH (UID 4815 FLAGS (\Seen))
A3 OK Store completed
```

முதல் வரி போன் சொல்வது: 4815 என்ற எண்ணுள்ள மெயிலில் 'பார்த்தாயிற்று' என்ற குறியைச் சேர்த்துக்கொள். அடுத்த இரண்டு வரிகளும் சர்வரின் பதில்: அந்த மெயிலின் குறி இப்போது இது, வேலை முடிந்தது. அடுத்த முறை லேப்டாப் வந்து கேட்கும்போது சர்வர் இதே விவரத்தை அதற்கும் தரும். அங்கே தடித்த எழுத்து சாதாரண எழுத்தாகிவிடும். போனும் லேப்டாப்பும் ஒன்றோடொன்று நேரடியாகப் பேசுவதே இல்லை.

இதில் + அடையாளத்துக்கு முக்கியமான வேலை இருக்கிறது. செயலி முழுப் பட்டியலையும் மாற்றி எழுதுவதில்லை. ஒரு குறியை மட்டும் சேர்க்கிறது. எனவே லேப்டாப்பில் நட்சத்திரம் போட்ட அதே நேரத்தில் போனில் மெயிலைப் படித்தாலும் ஒன்று மற்றொன்றை அழிக்காது.

ஒரு தணிக்கை அலுவலகத்தின் கதை

சொந்த டொமைன் பெயரில் மெயில் வைத்திருக்கும் ஒரு சிறிய தணிக்கை அலுவலகத்தை எடுத்துக்கொள்வோம். லேப்டாப்பில் தண்டர்பேர்ட் செயலி. பல ஆண்டுகளுக்கு முன் யாரோ பாப் முறையில் அமைத்துக் கொடுத்தது. போன் பிறகு வாங்கியது. அது தானாகவே ஐமேப் முறையில் இணைந்துகொண்டது. அலுவலகத்தில் அடிக்கடி கேட்கும் புகார்கள் மூன்று. "சார், போன்ல பார்த்துட்டேன், லேப்டாப்ல இன்னும் புதுசாவே காட்டுதே" என்பது ஒன்று. லேப்டாப்பிலிருந்து அனுப்பியது போனின் 'அனுப்பியவை' ஃபோல்டரில் இல்லை என்பது இரண்டாவது. மூன்றாவது கொஞ்சம் பயமுறுத்துவது: இரண்டு வாரத்துக்கு முந்தைய மெயில்கள் போனில் தானாகவே காணாமல் போகின்றன.

மூன்றுக்கும் காரணம் ஒன்றே. பாப் முறையில் லேப்டாப் தன் படித்த குறிகளைத் தனக்குள்ளேயே வைத்துக்கொள்கிறது. அனுப்பியதன் நகலும் அதன் வன்தட்டிலேயே கிடக்கிறது. தண்டர்பேர்டில் பாப் கணக்குக்கு `Leave messages on server` என்ற தேர்வின் கீழ் `For at most 14 days` என்று ஒரு கெடு உண்டு. அது இயங்கினால், பதினான்கு நாள் கழித்து லேப்டாப்பே சர்வரில் உள்ள மூலத்தை அழித்துவிடுகிறது. சர்வரில் இல்லாத மெயிலைப் போன் எப்படிக் காட்டும்?

எந்த முறை இயங்குகிறது என்று கண்டுபிடிப்பது எளிது. கணக்கு அமைப்பில் சர்வரின் போர்ட் எண்ணைப் பார்த்தால் போதும். பாதுகாப்பான இணைப்பில் 995 என்றால் பாப், 993 என்றால் ஐமேப்.

பாப் கணக்கை ஐமேப்பாக மாற்ற தண்டர்பேர்டில் ஒரு பொத்தான் கிடையாது. அதே முகவரியை ஐமேப் கணக்காகப் புதிதாகச் சேர்க்க வேண்டும். பழைய மெயிலைக் கையால் ஏற்ற வேண்டும். இதில் வரிசை முக்கியம். முதல் வேலை, பழைய கணக்கின் `Server Settings` பக்கத்தில் அந்தப் பதினான்கு நாள் கெடுவையும், தானாகப் புதிய மெயிலைத் தேடும் தேர்வுகளையும் எடுத்துவிடுவது. இதைச் செய்யாமல் மேலே போனால், ஒரு பக்கம் நீங்கள் மெயிலை ஒழுங்குபடுத்திக்கொண்டிருக்க, மறுபக்கம் பாப் கணக்கு சர்வரிலிருந்து அழித்துக்கொண்டே இருக்கும்.

அடுத்து ஐமேப் கணக்கைச் சேர்த்து, அது சர்வரில் உள்ளதை முழுவதும் காட்டும்வரை விட வேண்டும். அலுவலகத்தின் கணக்கில் கடைசி இரண்டு வாரத்து மெயில்கள் மட்டும் தெரியும். அதற்கு முந்தையவை பழைய கணக்கில், லேப்டாப்பின் வன்தட்டில் இருக்கின்றன. அந்தப் பழையவற்றை மட்டும் தேர்ந்தெடுத்து ஐமேப் கணக்கின் ஃபோல்டருக்கு நகலெடுக்க வேண்டும். சமீபத்திய இரண்டு வாரத்தையும் சேர்த்து இழுத்தால் அவை இரட்டித்துவிடும். நகர்த்துவதைவிட நகலெடுப்பது நல்லது. பாதியில் இணைப்பு அறுந்தாலும் மூலம் பத்திரமாக இருக்கும். சில நூறு மெயில்களாகப் பிரித்து ஏற்றினால் எங்கே நின்றது என்று கண்டுபிடிக்க வசதி.

ஐமேப்பில் ஒரு மெயிலைச் சர்வரில் ஏற்றும் கட்டளையிலேயே அதன் குறிகளையும் சேர்த்து அனுப்ப இடம் உண்டு. எனவே லேப்டாப்பில் படித்ததாக இருந்தது சர்வரிலும் படித்ததாகவே போய்ச் சேர வேண்டும். முதல் தொகுதியை ஏற்றியதும் பிரவுசரில் வெப்மெயிலைத் திறந்து எண்ணிக்கையையும் குறிகளையும் ஒப்பிட்டுவிட வேண்டும். சர்வரில் இடம் எவ்வளவு இருக்கிறது என்பதையும் முன்பே பார்ப்பது அவசியம். பல ஆண்டு இணைப்புக் கோப்புகள் ஒரே நாளில் போய் உட்காரும்போது ஒதுக்கீடு நிரம்பினால் புது மெயில் வருவதே நின்றுவிடும். எல்லாம் சரியென்று தெரிந்த பிறகும் பழைய கணக்கைச் சில வாரம் அப்படியே விட்டுவைப்பது நல்லது. பிறகு நீக்கும்போது `Remove message data` என்ற பெட்டியில் டிக் போடாமல் இருந்தால், கோப்புகள் வன்தட்டில் தங்கும்.

ஜிமெயிலில் பாப் பயன்படுத்துபவர்களுக்கு இன்னொரு விசித்திரம் நேரலாம். பாப் வழியே மெயிலை எடுத்த பிறகு ஜிமெயிலில் உள்ள நகலை என்ன செய்வது என்று அமைப்பில் ஒரு கேள்வி உண்டு: அப்படியே விடலாம், படித்ததாகக் குறிக்கலாம், ஆர்க்கைவ் செய்யலாம், அழிக்கலாம். 'படித்ததாகக் குறி' என்று இருந்தால், லேப்டாப் இறக்கிய அடுத்த கணமே யாரும் பார்க்காத மெயில் போனில் படித்ததாகத் தெரியும்.

எந்தக் குறி கடக்கும், எது நிற்கும்

இரண்டு கருவியும் ஐமேப்பில் இருந்தும் சில விஷயங்கள் ஒத்துப்போகாது. ஐமேப்பில் எல்லாச் செயலிகளும் ஒரே பொருளில் புரிந்துகொள்ளும் அடிப்படைக் குறிகள் ஐந்து: படித்தது `\Seen`, பதில் அனுப்பியது `\Answered`, கொடியிட்டது `\Flagged`, அழிக்கச் சொன்னது `\Deleted`, வரைவு `\Draft`. ஜிமெயிலில் நட்சத்திரம், ஐபோனில் கொடி, தண்டர்பேர்டில் மறுபடி நட்சத்திரம் என்று படம் மாறினாலும் சர்வரில் எழுதப்படுவது அதே `\Flagged` தான். ஆகவே நட்சத்திரம் நம்பகமாகக் கடக்கும்.

நிறம் அப்படிக் கடக்காது. ஆப்பிள் மெயிலில் கொடிக்கு ஏழு நிறங்கள் உண்டு. அடிப்படைக் குறியில் நிறத்துக்கு இடமில்லாததால், ஆப்பிள் `$MailFlagBit0` முதல் `$MailFlagBit2` வரை மூன்று கூடுதல் சொற்களைச் சர்வரில் எழுதி, அவற்றின் சேர்க்கையால் நிறத்தைக் குறிக்கிறது. ஐபோனிலும் மேக்கிலும் நிறம் ஒன்றாகவே தெரியலாம். தண்டர்பேர்ட் அந்தச் சொற்களை நிறமாகக் காட்டாது. சிவப்பும் பச்சையும் அங்கே ஒரே நட்சத்திரம்தான். தண்டர்பேர்டின் வண்ண டேக்குகளும் இப்படித்தான்: 'முக்கியம்', 'வேலை' என்று திரையில் தெரிபவை சர்வரில் `$label1`, `$label2` என்று போகின்றன; போன் செயலி அவற்றைக் கண்டுகொள்ளாமல் விடலாம். இத்தகைய சொந்தச் சொற்களை ஏற்பதா வேண்டாமா என்பது சர்வரின் விருப்பம். ஏற்காத சர்வரில் டேக் அந்த லேப்டாப்பை விட்டு வெளியே வராது. ஜிமெயில் செயலியில் ஒரு மெயிலை நாளைக்குத் தள்ளி வைக்கும் ஸ்னூஸ் வசதிக்கு ஐமேப்பில் இடமே இல்லை.

'சிவப்பு என்றால் இன்றைக்கு, மஞ்சள் என்றால் இந்த வாரம்' என்று நிறத்தை நம்பி வேலை பிரிப்பவர் இரண்டு வெவ்வேறு நிறுவனச் செயலிகளைப் பயன்படுத்தினால், நிறத்துக்குப் பதில் 'இன்று', 'இந்த வாரம்' என்று ஃபோல்டர்களே வைத்துக்கொள்வது நல்லது. ஃபோல்டர் எல்லாச் செயலிக்கும் தெரியும்.

யாரும் படிக்காத மெயில் படித்ததாக மாறுவதற்கும் ஒரு காரணம் சொல்ல வேண்டும். லேப்டாப்பில் பட்டியலுக்குப் பக்கத்தில் மெயிலின் உள்ளடக்கத்தைக் காட்டும் பலகை திறந்திருந்தால், அம்புக்குறியால் கீழே இறங்கும்போது ஒவ்வொரு மெயிலும் 'படித்தது' ஆகிவிடும். அது உடனே போனிலும் தெரியும். தண்டர்பேர்டில் இதற்குச் சில விநாடி அவகாசம் கொடுக்கலாம், அல்லது தானாகக் குறிப்பதை நிறுத்திவிடலாம்.

மூன்று 'அனுப்பியவை' ஃபோல்டர்கள் எப்படி வந்தன?

பல பெட்டிகளில் `Sent`, `Sent Items`, `Sent Messages` என்று மூன்று ஃபோல்டர்கள் பக்கத்தில் பக்கத்தில் இருக்கும். அனுப்பிய மெயில் எந்த ஃபோல்டரில் சேர வேண்டும் என்று தொடக்க கால ஐமேப் விதி எதுவும் சொல்லவில்லை. ஒவ்வொரு நிறுவனமும் தனக்குப் பிடித்த பெயரை வைத்தது. பெயர் இல்லையென்றால் செயலி புதிதாக ஒன்றை உருவாக்கியது. 2011இல்தான் 'இதுதான் அனுப்பியவை, இதுதான் குப்பை' என்று சர்வரே அடையாளம் காட்டும் நீட்டிப்பு வந்தது. பழைய சர்வரிலோ பழைய கணக்கிலோ இந்தக் குழப்பம் இன்னும் உண்டு.

ஒரு ஃபோல்டரைத் தேர்ந்தெடுத்து எல்லாக் கருவியையும் அதற்குத் திருப்பினால் இது தீரும். வெப்மெயில் எதைப் பயன்படுத்துகிறதோ அதையே தேர்ந்தெடுப்பது வசதி. ஐபோனில் மெயில் கணக்கின் `Advanced` பகுதியில் `Mailbox Behaviors` என்ற தலைப்பின் கீழ் வரைவு, அனுப்பியவை, அழித்தவை, ஆர்க்கைவ் ஒவ்வொன்றுக்கும் சர்வரில் உள்ள ஃபோல்டரைச் சுட்டலாம். அங்கே `On My iPhone` என்பதில் டிக் இருந்தால் அந்த மெயில் லேப்டாப்புக்கு ஒருபோதும் வராது. தண்டர்பேர்டில் இதே வேலை `Copies & Folders` பக்கத்தில் நடக்கும். பிறகு பழைய இரண்டு ஃபோல்டரில் கிடப்பதைத் தேர்ந்தெடுத்த ஒன்றுக்கு நகர்த்திவிட்டு, காலியானவற்றை நீக்கலாம்.

ஃபோல்டருக்குத் தமிழில் பெயர் வைப்பவர்கள் சில நேரம் ஒரு புரியாத பெயரைப் பார்த்துத் திகைப்பார்கள். பழைய ஐமேப் ஃபோல்டர் பெயர்களை ஆங்கில எழுத்துக்குள் அடக்கி அனுப்பும். 'வரி' என்ற ஃபோல்டர் சர்வரில் இப்படிப் பதிவாகிறது:

```
&C7ULsAu,-
```

நல்ல செயலி இதைத் திருப்பிப் படித்து 'வரி' என்றே காட்டும். சரியாக எழுதப்படாத செயலியோ, பேக்கப் எடுக்கும் மென்பொருளோ அப்படியே காட்டிவிடும். ஃபோல்டர் கெட்டுவிட்டது என்று நினைத்து அதை அழித்துவிடக் கூடாது. உள்ளே மெயில் எல்லாம் அப்படியே இருக்கும். 2021இல் வெளியான ஐமேப்பின் புதிய வடிவம் பெயர்களை நேரடியாக யூனிகோடில் அனுப்ப வழி செய்திருக்கிறது.

ஜிமெயிலுக்கு மட்டும் ஒரு தனி விதி. அங்கே உண்மையில் ஃபோல்டர் இல்லை, லேபிள்தான் உண்டு. ஒரு மெயிலுக்கு 'வரி', 'வாடகை' என்று இரண்டு லேபிள் போட்டால் லேப்டாப்பில் அது இரண்டு ஃபோல்டரிலும் தெரியும். `All Mail` என்பதிலும் தெரியும். இருப்பது ஒரே மெயில்தான். எந்த லேபிளையாவது லேப்டாப்பில் காணோம் என்றால், பிரவுசரில் ஜிமெயில் அமைப்பின் `Labels` பக்கத்தில் அந்த லேபிளுக்கு எதிரே `Show in IMAP` டிக் இருக்கிறதா என்று பார்க்க வேண்டும்.

பழுதா, தாமதமா?

எல்லாம் சரியாக அமைத்த பிறகும் குறி உடனே மாறாமல் போகலாம். 1997இல் வந்த ஐடில் என்ற நீட்டிப்பு, செயலி இணைப்பைத் திறந்தே வைத்திருக்க, மாற்றம் நடந்ததும் சர்வரே தகவல் சொல்ல வழி செய்தது. ஆனால் ஓர் இணைப்பு ஒரு ஃபோல்டரை மட்டுமே கவனிக்கும். எனவே இன்பாக்ஸ் உடனே மாறும். உள்ளே இருக்கும் 'வரி' ஃபோல்டர் அதைத் திறக்கும்போதுதான் மாறும். ஐபோனின் மெயில் செயலியோ ஜிமெயில் கணக்கை இடைவெளி விட்டுத்தான் போய்ப் பார்க்கிறது. `Fetch New Data` பக்கத்தில் அந்த இடைவெளி பதினைந்து நிமிடமா, அரை மணியா, ஒரு மணியா என்று தேர்ந்தெடுக்கலாம்.

தாமதமா பழுதா என்று பிரித்தறிய வெப்மெயிலையே நடுவராக வைக்கலாம். போனில் ஒரு மெயிலுக்கு நட்சத்திரம் போட வேண்டும். உடனே பிரவுசரில் அதே கணக்கைத் திறந்து பார்க்க வேண்டும். அங்கே நட்சத்திரம் இல்லையென்றால் போன் சர்வருக்கு எழுதவில்லை. கோளாறு போன் பக்கம். அங்கே இருந்து லேப்டாப்பில் இல்லையென்றால் லேப்டாப் இன்னும் கேட்கவில்லை, அல்லது அது பாப்பில் இருக்கிறது. பிறகு லேப்டாப்பிலிருந்து ஒரு மெயிலைப் படிக்காததாக மாற்றி எதிர்த்திசையிலும் இதையே செய்து பார்க்க வேண்டும். இரண்டு திசையும் சரியாக இருந்து, நேரம் மட்டும் பிடிக்கிறது என்றால் இடைவெளியைக் குறைத்தால் போதும்.

மெயில் சேவையை ஒரு நிறுவனத்திலிருந்து இன்னொன்றுக்கு மாற்றும்போது இந்தக் குறிகளுக்கு மறுபடி ஆபத்து வரும். முன்னே பார்த்த 4815 போன்ற எண்கள் அந்தந்த சர்வரின் ஃபோல்டருக்கே உரியவை. புதிய சர்வர் தன் ஃபோல்டருக்கு வேறு அடையாள எண்ணைக் காட்டியதும், லேப்டாப் தான் சேமித்து வைத்த பட்டியலைக் கைவிட்டு எல்லாவற்றையும் புதிதாக இறக்கும். சில மணி நேரம் பெட்டி காலியாகத் தெரிந்தால் அது இயல்பு. படித்த குறி தப்புமா என்பது, மாற்றுபவர் பயன்படுத்தும் கருவி மெயிலோடு குறியையும் வந்து சேர்ந்த தேதியையும் எடுத்துச் செல்கிறதா என்பதைப் பொறுத்தது. `imapsync` போன்ற கருவிகள் இரண்டையும் எடுத்துச் செல்லும். மெயிலை வெறும் கோப்புகளாக ஏற்றுமதி செய்து மறுபடி இறக்கினால் பல ஆண்டு மெயில்கள் படிக்காதவையாக, அத்தனையும் இன்று வந்தவையாக நிற்கக்கூடும். எனவே மாற்றித் தருபவரிடம் முதலில் ஒரு ஃபோல்டரை மட்டும் மாற்றச் சொல்லி, அதில் படித்தவை, படிக்காதவை, நட்சத்திரமிட்டவை மூன்றின் எண்ணிக்கையையும் பழைய பெட்டியோடு ஒப்பிட்டுப் பார்த்த பிறகே மற்றவற்றுக்குச் சம்மதம் சொல்ல வேண்டும்.